ஐந்தரைக் கட்டையில் ஒரு நன்றி

ஏற்புரைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் நடுவர்கள், அடுத்து பக்கவாத்தியக்காரர்கள், பிறகு ஆசிரியர்கள், கடைசியில் சக போட்டியாளர்கள். பூவிழிக்காக அதைத் தமிழாசிரியை சசிகலா ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். சித்தேரி மலைப் பள்ளியில் பாட்டு டீச்சர் கிடையாது. சசிகலா டீச்சர்தான் பூவிழியை மாவட்டப் பாட்டுப் போட்டிக்காகப் பஸ்ஸில் தர்மபுரிக்குக் கூட்டி வந்தது. வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. ராகி அறுப்பு நேரம்.

தாளை மடித்துக்கொண்டு மேடையின் பக்கவாட்டில் பூவிழி நின்றாள். மிருதங்கத்துக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த நவநீதன் தலை நிமிராமலே கேட்டார்.

"என்ன பேசப் போற?"

"எல்லாருக்கும் நன்றிங்க சார். அப்புறம் அந்தப் பென்னாகரத்துப் பொண்ணு மணிமேகலைக்கு."

நவநீதனின் கை நின்றது.

காலையில் நடந்தது இதுதான். பாடுகிறவருக்கு ஓர் அடிப்படை ஸ்வரம் பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் சுருதி. அதன் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்; பூவிழிக்கு ஐந்தரைக் கட்டை. மிருதங்கத்தின் வலது பக்கத்தையும் அந்த ஸ்வரத்துக்கே சேர்த்துவிடுவார்கள். தோலை இழுத்துக் கட்டிய வாரின் விளிம்பை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். நவநீதன் கல்லும் மரக்கட்டையுமாக ஐந்து நிமிடம் தட்டிச் சேர்த்தார். தம்புராவுக்குப் பதில் சசிகலா டீச்சரின் செல்போனில் ஒரு ஆப். போனை மைக் பக்கத்தில் ஸ்டூலில் வைத்திருந்தார்கள்.

ஏரோப்ளேன் மோடில் போட மறந்துவிட்டார்கள்.

சரணத்தின் நடுவில் யாரோ டீச்சருக்குப் போன் செய்ய, தம்புரா நின்றுவிட்டது. போன் அதிர்ந்து அடங்கிய பிறகும் அது தானாகத் திரும்ப ஒலிக்கவில்லை. சுருதி இல்லாமல் பாடுவது இருட்டில் மாடிப்படி இறங்குவது போல. முதல் இரண்டு படி பழக்கத்தில் சரியாகவே விழும். மூன்றாவதில்தான் கால் தேடும். பூவிழி மேல் ஸ்வரத்திலிருந்து இறங்கும்போது குரல் அரை இழை கீழே போனது. மிருதங்கம் மட்டும் பழைய இடத்திலேயே ஒலித்தது. அவளுக்கு அது கேட்டது. ஆனால் ஒவ்வொரு தட்டும் ஒலித்த உடனே மறைந்தது; சரிசெய்ய எதைப் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து, வாய் மூடிய ஒரு முனகல். ஐந்தரைக் கட்டை. அடுத்துப் பாட நின்றிருந்த மணிமேகலை. அந்த இழையைப் பிடித்துக்கொண்டு பூவிழி பாட்டை முடித்தாள். அவளுக்கு முதல் பரிசு. மணிமேகலைக்கு இரண்டாவது. இருவரும் மாநிலப் போட்டிக்குப் போகிறார்கள்.

"ஏழாவது விதி படிச்சியா?" என்றார் நவநீதன். "வெளியாள் குரல் கொடுத்தா வாங்கினவ பேரையும் லிஸ்ட்டுல இருந்து எடுப்பாங்க, கொடுத்தவ பேரையும் எடுப்பாங்க. உனக்கு மட்டும்னா பரவாயில்ல, பேசுன்னு விட்டிருப்பேன்."

"உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"மிருதங்கக்காரனுக்குக் கேக்காதா?"

"நடுவருங்களுக்கு?"

"அவங்க அப்ப மார்க்கு கூட்டிக்கிட்டு இருந்தாங்க." சிரிப்பே இல்லாமல் சொன்னார்.

பெயர் கூப்பிட்டார்கள்.

மைக் அவள் உயரத்துக்கு இல்லை. யாரோ இறக்கிவிட்டார்கள். தாளைப் பார்த்துப் படித்தாள். நடுவர்களுக்கு நன்றி. மிருதங்கம் வாசித்த நவநீதன் சாருக்கு நன்றி, எனக்காக ஐந்து நிமிடம் தட்டிச் சுருதி சேர்த்ததற்கு. சசிகலா டீச்சருக்கு நன்றி, தன் போனைக் கொடுத்ததற்கு. அரங்கில் லேசாகச் சிரித்தார்கள். கடைசி வரிக்கு வந்தாள். 'சக போட்டியாளர்கள் அனைவருக்கும்' என்று இருந்தது.

அந்த 'அனைவருக்கும்' அவளுக்குப் பிடிக்கவில்லை. முந்நூறு பேர் இருந்த இந்தக் கட்டடத்தில் அவள் தடுமாறியபோது கைகொடுத்தது ஒரே ஒருத்தி. அவளை எல்லோரோடும் சேர்த்துக் கட்டிவிடுகிறது அந்தச் சொல். பேரைச் சொன்னாலோ அது அவளையே கெடுக்கும்.

பூவிழி வரியைப் படித்தாள். பிறகு மைக்கிலிருந்து நகராமல், வாயை மூடிக்கொண்டு ஒரு மூச்சு முழுக்க முனகினாள். ஐந்தரைக் கட்டை. சுற்றாமல், அசையாமல்.

முன்வரிசையில் ஒருவர் மைக்கில் கோளாறு என்று நினைத்து சவுண்ட்காரனைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரோ, "பாப்பா அழுவுது போல" என்றார்கள். கைதட்டினார்கள்.

அவள் இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். மணிமேகலை உட்கார்ந்திருந்த நாற்காலி காலி. பரிசுக் காகிதத்தை வாங்கிய கையோடு கிளம்பியிருக்கிறாள்.

இறங்கி வந்ததும் கேட்டாள். "அவங்க எப்பங்க சார் போனாங்க?"

"நீ ஏறும்போதே. பென்னாகரம் பஸ் நாலரைக்கு." நவநீதன் மிருதங்கத்தைத் தோளில் மாட்டினார். "சுருதி சரியாத்தான் இருந்துச்சு."

ஊர் திரும்ப ஏறிய அரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. டீச்சர் அசதியில் தூங்கிவிட்டார். பூவிழியின் மடியில் பரிசுக் கோப்பை. மணிமேகலையின் போன் நம்பர் கேட்டு வாங்கியிருக்கலாம். காலையில் வரிசையில் நின்றபோது, "உனக்கு எத்தனை கட்டை?" என்று அவள்தான் கேட்டாள். பூவிழி சொன்னதும், "எனக்கும் அதான்" என்றாள். பேசியது அவ்வளவுதான்.

பஸ்ஸின் இரைச்சல் ஐந்து கட்டைக்குக் கீழே எங்கோ இருந்தது. அதற்கு மேலே தன் ஸ்வரத்தை எடுக்கப் பார்த்தாள். வந்தது, ஆனால் சரிதானா என்று சொல்ல பக்கத்தில் யாரும் இல்லை.