கோட்டுப் போட்ட கூலி

சம்பள நாளன்று தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் ஐயா பெயரைக் கூப்பிட்டார், காசைத் தரவில்லை. "சோலைமலை, உன் சம்பளத்தக் குடுக்கக் கூடாதுன்னு கோர்ட்டுலருந்து தொரைக்கு நோட்டீஸ் வந்திருக்கு," என்றார்.

சோலைமலைக்கு முதலில் கோபம் வந்தது கோர்ட்டின் மேல் அல்ல. ஆட்கள் முன்னால் வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்குத்தான். இருபது பேரை மேய்க்கும் சில்லறைக் கங்காணி அவன். கறுப்புக் கோட்டு இல்லாமல், காலையில் ஆட்களுக்குப் பேர் போடும் பெரட்டுக்கு வரமாட்டான். 'கங்காணி' என்று கூப்பிடாதவனுக்கு அன்றைக்குச் சரிவான மலையில்தான் வேலை.

அந்தக் கோட்டுதான் அவனைக் கவிழ்த்தது. போன தீபாவளிக்கு அவன் ஆட்கள் கினிகத்தேனை செல்லசாமி முதலாளியின் கடையில் துணியைக் கடனுக்கு எடுத்தார்கள். "கங்காணி பொறுப்பேத்தாப் போதும்," என்றார் முதலாளி. அந்த ஒரு வார்த்தையில் நெஞ்சு நிமிர்ந்து, எல்லோருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டான். பிறகு நாலைந்து குடும்பம் இலங்கையை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியது. கடன் மட்டும் கப்பலேறவில்லை. முதலாளி வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டார்.

"நீங்களும் அரிசிக்கும் முன்பணத்துக்கும் மாசாமாசம் புடிக்கிறீங்களே?" என்று கேட்டான்.

"அது நீ ஒத்துக்கிட்டுப் புடிக்கிறது. அதுலயும் சட்டம் சொன்ன எல்லையத் தாண்ட முடியாது. மிஞ்சுறத உன் கையில குடுத்தே ஆகணும். அந்த மிச்சத்தத்தான் கோர்ட்டு நிறுத்தி வச்சிருக்கு."

வீட்டில் மனைவி பூரணிக்கு நிறைமாதம். கைக்காசு என்று வருவது அந்த மிச்சம் ஒன்றுதான். அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். தலை நிமிராமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

அட்டனில் தொழிலாளர் சங்க ஆபீசில் தலைவர் சிவசாமி விஷயத்தைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "தொழிலாளியோட கூலியில கடன்காரனுக்காகக் கோர்ட்டு கை வைக்க முடியாது. அரை, கால்னு பேச்சே இல்ல, ஒரு சதக் காசு எடுக்க முடியாது. வக்கீல் வச்சு மனுக் குடுப்போம். ஆனா அந்தப் பக்கம் நீ கூலியாளே இல்ல, அதிகாரின்னு சொல்லுவாங்க. நீ தேயிலைச் செடியக் கவ்வாத்து வெட்டுறியா இல்லியா?"

"வெட்டுறேங்க. ஆளுங்களோட சேந்துதான்."

"அதச் சொல்லு. அந்தக் கோட்டக் கழட்டிட்டு வா."

கழற்றவில்லை. மனிதனுக்கு வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு! விசாரணை நாளில் கோட்டோடுதான் கூண்டில் ஏறினான். வேடிக்கை பார்க்க அவன் ஆட்கள் மாயாண்டியும் பேச்சியம்மாவும் வந்து பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

முதலாளியின் வக்கீல் கடன் பத்திரத்தை நீட்டினார். "இதில் கங்காணி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர். கோட்டும் போட்டிருக்கிறீர். நீர் ஆட்களை வேலை வாங்குபவர்தானே? கூலியாள் இல்லையே?"

மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடித்த பிறகும் சோலைமலை கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆமாம் என்றால் மானம் நிற்கும், சம்பளம் போகும். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, "சம்பளம் எப்படித் தருகிறார்கள்?" என்று கேட்டார்.

"வேலைக்குப் பேர் போட்ட நாளுக்குங்க. பேர் இல்லாத நாளுக்கு இல்லீங்க."

"கையால் வேலை செய்கிறீரா?"

அவன் மெல்லக் கோட்டைக் கழற்றினான். உள்ளே முழங்கை வரைக்கும் தேயிலை வாது கீறிய தழும்பு. பின்னால் பெஞ்சைப் பார்க்காமலே சொன்னான்.

"கவ்வாத்துக் கத்தி புடிக்கிறேங்க. ஆளுங்களப் பாத்துக்கிறதுக்குக் கொஞ்சம் காசு கூடத் தருவாங்க. அதுக்குத்தான் கங்காணிங்கிற பேரு. நான் கூலிதாங்க."

மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்க அல்ல. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

தடை நீங்கியது. கூலியைத் தொடக் கூடாது என்றும், கடன் மட்டும் கடனாகவே இருக்கிறது என்றும் நீதிபதி சொன்னார். அந்த வாரமே கிளாக்கர் ஐயா காசை எண்ணிக் கொடுத்தார். பூரணிக்கு மருந்தும் பிள்ளைத் துணியும் வாங்கிவிட்டு, சோலைமலை கினிகத்தேனைக்கு பஸ் ஏறினான்.

செல்லசாமி முதலாளி அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் ஒரு ஐந்து ரூபாய்த் தாளைக் கல்லாமேல் வைத்தான்.

"கோர்ட்டுதான் எடுக்கக் கூடாதுன்னுருச்சே?"

"எடுக்கத்தானுங்க கூடாது. நானாக் குடுக்கலாமில்ல? மாசாமாசம் முடிஞ்சதத் தர்றேன், மொதலாளி."

முதலாளி ரசீதுப் புத்தகத்தை எடுத்து, வழக்கப்படி 'கங்காணி' என்று எழுத ஆரம்பித்தார். சோலைமலை அவர் கையை மெல்லப் பிடித்தான்.

"கூலி சோலைமலைன்னு எழுதுங்க. அந்தப் பேருதான் எங்க வீட்டுக்குச் சோறு போட்டுச்சு."