தலைப்பில் ஸ்டெனி என்று மட்டும்

கப்பலுக்கு ஆள் அனுப்பும் அந்த நாகர்கோவில் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மெயிலின் தலைப்பில் கப்பல்காரனின் பெயரை மட்டும்தான் போட வேண்டும். சம்பளமோ சாவோ, திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. முதலாளி ஞானதாசன் போட்ட சட்டம் அது. அவருக்கு அதில் பெருமை வேறு.

'ஸ்டெனி' என்ற தலைப்பில் கேப்டனின் பதில் வந்ததும் அங்கே வேலை பார்க்கும் ஜெப்சி பரபரவென்று திறந்தாள். "விஷயத்தைச் சொல்லிவிட்டேன். ஸ்டெனி தைரியமாக எடுத்துக்கொண்டார். தனக்காகக் காத்திருக்க வேண்டாம், நடத்திவிடச் சொல்கிறார்." அவ்வளவுதான்.

ஸ்டெனியின் அப்பா அன்று விடியற்காலையில் சொந்த ஊரான முட்டத்தில் இறந்துபோயிருந்தார். கப்பல் மறுநாள் கொழும்புக்கு வரும், அங்கே ஸ்டெனியை இறக்கி ஊருக்கு அனுப்பலாம், அடக்கத்தை அதுவரை நிறுத்திவைக்கவா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று கேப்டனுக்கு எழுதியவள் அவள்தான். பதில் வந்த சூட்டோடு ஸ்டெனியின் அண்ணன் பெனிட்டோவுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"அப்பம் சாயங்காலம் நாலு மணிக்கே எடுத்திருவோம்" என்றான் பெனிட்டோ.

போனை வைத்த பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. முந்தின நாளும் ஸ்டெனியைப் பற்றி ஒரு மெயில் போயிருந்தது. அவனுக்குப் பதிலாகப் போக வேண்டியவன் மருத்துவச் சோதனையில் தேறவில்லை, இன்னும் ஒரு மாதம் கப்பலில் இருக்க வேண்டும், வியாழக்கிழமை சாமியாரை வைத்துப் புதுவீட்டு மந்திரிப்பை நடத்தவா தள்ளிப்போடவா என்று அவன் மனைவி கேட்கிறாள் என்று எழுதியிருந்தாள். அதற்கும் தலைப்பு 'ஸ்டெனி'தான்.

பதிலுக்குக் கீழே இறக்கிப் பார்த்தாள். வெறும் வெள்ளை. அது பழைய கப்பல். சாட்டிலைட்டில் போகிற ஒவ்வொரு எழுத்துக்கும் காசு என்பதால், பதில் அனுப்பும்போது பழைய மெயில் தானாகவே கழன்றுவிடும். எந்த மெயிலுக்கு வந்த பதில் என்று, வந்த நேரத்தை வைத்தும் சொல்ல முடியாது. கப்பல் மெயில்களை மொத்தமாகச் சேர்த்துவைத்து, நாளைக்குச் சில தடவைதான் அனுப்பும், வாங்கும். எப்போது எழுதியதோ யாருக்குத் தெரியும்?

"பதில்தான் வந்தாச்சுல்லா, பெறவு எதுக்குப் போட்டுத் தோண்டுத?" என்றார் ஞானதாசன். "சாவைச் சொன்ன பெறவு எவனாவது மந்திரிப்புக்குப் பதில் எழுதுவானா?"

"சாவுக்கு மெயில் போனதே கேப்டனுக்குத் தெரியாம இருந்தா சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே அந்தப் பதிலைப் படித்துப் பார்த்தார்.

கப்பலின் சாட்டிலைட் போனுக்கு அடித்தாள். லைன் போகவில்லை. மறுபடி அடித்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பெனிட்டோவைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, கொஞ்சம் நிறுத்தி வைங்க. நான் சொன்னது தப்பா இருக்கலாம்."

"குழி வெட்டியாச்சு. கடலுக்குப் போனவனுவ எல்லாம் கரைக்கு வந்தாச்சு. இப்பம் வந்து நிறுத்தச் சொல்லுத. எந்தம்பி வேண்டாம்னு சொன்னானா, இல்லியா?"

"எனக்குத் தெரியாதுண்ணா."

பின்னால் ஜெபமாலை சொல்லும் குரல்கள் கேட்டன.

"மண்ணு போட்ட பெறவு அவன் வந்து அப்பாவக் காட்டுன்னு கேட்டா நான் என்னத்தக் காட்ட?" என்றான் பெனிட்டோ. "கோயில் மணி அடிக்குறதுக்குள்ள சொல்லு மக்கா. அதுக்குமேல என்னால ஊர நிறுத்த முடியாது."

அவசரப்பட்டு வாயை விட்டது தன் குற்றம்தான் என்று ஜெப்சிக்குத் தெரியும். மதியச் சோறு பொதி பிரியாமல் கிடந்தது. அவள் விரல் அந்த எண்ணையே அழுத்திக்கொண்டிருந்தது. நாலு மணி நெருங்கும்போது லைன் கிடைத்தது.

"கேப்டன், உங்கள் பதில் எந்த மெயிலுக்கு?"

"நேற்று வந்ததற்கு. வீட்டு விசேஷம்." இரைச்சலுக்கு நடுவே கேப்டனின் ஆங்கிலம் வந்தது. "அதற்குப் பிறகு ஏதாவது அனுப்பினீர்களா? நான் இன்னும் திறக்கவில்லை. ஸ்டெனி என் பக்கத்தில்தான் நிற்கிறார், நீங்களே பேசுங்கள்."

அவள் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "நிறுத்தச் சொல்லுங்க சார், அவருக்குத் தெரியாது" என்றாள். ஞானதாசன் நின்றபடியே பெனிட்டோவின் எண்ணைத் தேடினார். ஒருமுறை தவறாக அடித்தார். பிறகு அவருடைய குரல் கேட்டது: "எடுக்காதீங்கப்பா, எடுக்காதீங்க. தம்பிக்கு இன்னும் தெரியாது." மறுமுனையில் பெனிட்டோ அழுதது ஜெப்சிக்கே கேட்டது.

அதற்குள் சாட்டிலைட் போனில் ஸ்டெனி வந்துவிட்டான். குரலில் அவ்வளவு உற்சாகம்.

"மேடம், மந்திரிப்ப நடத்தச் சொல்லியாச்சா? அண்ணங்கிட்ட ஒரு காரியம் மட்டும் சொல்லிருங்க. நான்தான் இல்லியே. எனக்குப் பதிலா அப்பாதான் முதல்ல உள்ள கால் வைக்கணும். அவருக்கு முந்தி வேற யாரும் ஏறப்பிடாது, கேட்டியளா?"

கேப்டனிடமே போனைக் கொடுத்து அவரையே சொல்ல வைக்கலாமா என்று ஜெப்சி ஒரு கணம் நினைத்தாள். ஆனால் ஊரில் நடந்ததை ஊர்ப் பேச்சில் சொல்ல அந்தக் கப்பலில் யாரும் இல்லை.

"அண்ணா," என்றாள், "பக்கத்துல நாற்காலி கிடக்கா? முதல்ல இருங்க. நாளைக்கு நீங்க ஊருக்கு வாறீங்க."