பதினாறாம் கோடு

சாரங்கபாணிக்கு நான் பதினொரு ரூபாய் ஆறணா தர வேண்டியிருந்தது. என் மனைவி அன்னக்கிளி டைபாய்டு வந்து இருபத்தோரு நாள் படுத்திருந்தபோது வாங்கியது. அவன் ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

இருவரும் அரக்கோணத்திலிருந்து ஒரே ரயிலில் வந்தவர்கள். லாலாகுடா ரயில் பட்டறையில் ஒரே நாளில் சேர்ந்தோம். அவன் நாலு வருஷத்தில் ஃபிட்டர் ஆகிவிட்டான். நான் கொல்லுப்பட்டறையில் சம்மட்டி அடித்துக்கொண்டே இருந்தேன். அவன் சட்டையில் எண்ணெய்க் கறை இருக்கும், என் சட்டையில் நெருப்புப்பொறி விழுந்த ஓட்டை இருக்கும். சாயங்காலம் குழாயடியில் அன்னக்கிளி, "சாரங்கபாணி அண்ணன் வீட்டுல புதுசா சுவர்க் கடியாரம் வாங்கியிருக்காங்க" என்பாள். சும்மாதான் சொல்வாள். எனக்குச் சும்மாவாகக் கேட்காது.

ஒரே ஒரு இடத்தில்தான் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். கேரம் பலகையில். அங்கேயும் அவன் கொஞ்சம் மேலே.

பட்டறைக்காரர்கள் கூடி விளையாடும் இன்ஸ்டிட்யூட்டில் வருஷா வருஷம் கேரம் போட்டி நடக்கும். தோற்றவன் வெளியே, ஜெயித்தவன் அடுத்த சுற்று. 1936-ல் பெயர்களைச் சீட்டு எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். பட்டறையிலேயே பெரிய ஆட்டக்காரர்கள் இருவர். வரைபட அறை தியோடர் ஒருவன், சாரங்கபாணி ஒருவன். குலுக்கியதில் முதல் சுற்றிலேயே இருவரும் மோதிக்கொண்டார்கள். அன்று கூட்டம் ஜன்னலில் தொங்கியது. கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். அதிலும் இருவர் தூங்கினார்கள்.

அதனால் 1937-ல், ஆள் வந்த நேரம் குறிக்கும் நேர ஆபீஸ் குமாஸ்தா சீதாராமன் பாபு, போட்டியின் காரியதரிசி, புது முறை கொண்டுவந்தார். பட்டறைப் பிரிவுகளான ஷாப்புக்கு ஷாப் நடந்த ஆட்டங்களை வைத்து முதல் நாலு பேரை வரிசைப்படுத்தினார்கள். முதலாவது தியோடர். இரண்டாவது சாரங்கபாணி. மூன்றாவது இன்ஜினில் கரி அள்ளிப் போடும் அப்துல் ரஹீம். நாலாவது நான், புருஷோத்தமன்.

"பதிமூணு பேர் பேர் குடுத்திருக்காங்க" என்றார் பாபு. "ரெண்டு ரெண்டா அடிச்சுக்கிட்டே போய்க் கடைசில ஒருத்தன் நிக்கணும்னா எட்டு வேணும், இல்லே பதினாறு வேணும். பதிமூணு நடுவுல தொங்குது. பதினாறு கோடு போடு. மூணு கோடு காலி. காலிக்கு எதிர்ல இருக்கறவனுக்கு மொத சுத்துல ஆட்டம் கிடையாது. அதுக்குப் பேரு பை. அந்த மூணும் வரிசையில மேல இருக்கற மூணு பேருக்கு."

நான் விரலில் எண்ணிப் பார்த்தேன். "அப்ப நாலாவது ஆளுக்கு?"

"உனக்கு இல்லப்பா. பன்னெண்டு பேர் வந்திருந்தா நாலு கோடு காலியாகும், உனக்கும் வந்திருக்கும்."

ஒரே ஒரு ஆள். கொதிகலன் ஷாப் தேவசகாயம் கடைசி நாளில் பெயர் கொடுத்திருந்தான். பலகையில் பவுடர் போடத் தெரியும், வேறொன்றும் தெரியாது. அவனால் எனக்குப் பை போயிற்று. சனிக்கிழமை அரை நாள் சம்மட்டி அடித்துவிட்டு, விரல் நடுங்கிக்கொண்டு நான் ஆட வேண்டும். சாரங்கபாணி பீடி பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பான்.

பாபு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். தியோடர் முதல் கோட்டில், இரண்டாம் கோடு காலி. சாரங்கபாணி பதினாறாம் கோட்டில், பதினைந்து காலி. ரஹீம் ஒன்பதில், பத்து காலி. நான் எட்டில், ஏழில் தேவசகாயம். மேல் எட்டுக் கோட்டில் ஜெயிக்கிறவனும் கீழ் எட்டுக் கோட்டில் ஜெயிக்கிறவனும்தான் கடைசியில் சந்திப்பார்கள். ஆகவே தியோடரும் சாரங்கபாணியும் கடைசி ஆட்டத்துக்கு முன்னால் மோதவே முடியாது. நான் பிழைத்துப் போனாலும் அரை இறுதியில் தியோடரிடம் செத்துப்போவேன்.

பெரிய காகிதத்தில் அதை எழுதுகிற வேலை எனக்கு. முப்பத்தெட்டு வயதில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் எழுதப் படித்தவன் நான். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் இரும்பு வளைக்கிற மாதிரி வளைத்து எழுதுவேன். தூரத்திலிருந்து படிக்கலாம் என்று பாபுவுக்குப் பிடிக்கும். துண்டுக் காகிதத்தைக் கொடுத்துவிட்டு அவர் சரக்குக் கணக்கெடுக்கக் காஜிப்பேட்டைக்கு ரயிலேறினார். திரும்பிவர ஒரு மாதம்.

கோடு போட்டேன். முதல் கோட்டில் தியோடர். எட்டாம் கோட்டுக்கு வந்தபோது கை நின்றது. ஜெயித்தவனுக்கு இருபது ரூபாய், இரண்டாவது வந்தவனுக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டு ரூபாயில் கடன் போக பத்தணா மிஞ்சும். சாரங்கபாணியின் முகத்துக்கு நேரே பணத்தை வைக்கலாம். குழாயடியில் அன்னக்கிளி அதைச் சொல்வாள்.

எட்டாம் கோட்டில் சாரங்கபாணி என்று எழுதினேன். பதினாறாம் கோட்டில் என் பெயர். அவ்வளவுதான். இரண்டு பெயர். மை காய்ந்ததும் துண்டுக் காகிதத்தை உலையில் போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் சுவரில் ஒட்டியதும் தியோடர் வந்து பார்த்தான். "என்ன மேன் இது? சாரங்கபாணியும் நானும் ஒரே சைடா? செமியிலயே மீட் பண்ணுவோமே!"

"பாபு எழுதிக் குடுத்தபடி எழுதினேன்" என்றேன்.

"பாபுவுக்குப் புத்தி இருக்கா? எதுக்கு இவ்வளவு கணக்கெல்லாம்? தொப்பியே நல்லா இருந்திச்சு."

சாரங்கபாணி கமிட்டியில் இருந்தவன். பாபு துண்டுக் காகிதம் எழுதும்போது அவர் தோளுக்குப் பின்னால் நின்றவன். அவன் கோடுகளை மேலிருந்து கீழே பார்த்தான். பதினாறில் நின்றான். என்னைப் பார்த்தான். நான் பசைக் கிண்ணத்தைத் துடைத்தேன்.

"இருக்கட்டும்" என்றான் தியோடரிடம். "மொத சுத்து ஆடினா கை சூடாகும். வா தேவசகாயம், பவுடர் போடு."

அவன் ஏதாவது கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அதிலும் அவன் எனக்கு மேலே போய்விட்டான்.

அன்று தேவசகாயத்தைக் கால் மணியில் முடித்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஆசைப்பட்ட பை கிடைத்துவிட்டது, பீடிதான் ருசிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை நேரே இரண்டாம் சுற்றில் உட்கார்ந்தபோது பலகை எனக்குப் பழகவில்லை. எதிரே இருந்தவன் ஏற்கெனவே ஒரு ஆட்டம் ஆடிக் கை பழகினவன். முதல் ஆட்டத்தை அவனிடம் விட்டுவிட்டு, மூச்சு முட்டி அடுத்த இரண்டையும் எடுத்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை அரை இறுதி. நான் ரஹீமோடு ஓரத்துப் பலகையில். எங்களைப் பார்த்தவன் ஒருவனும் இல்லை. எல்லாரும் நடுப் பலகையைச் சுற்றி நின்றார்கள். தியோடரும் சாரங்கபாணியும். ஒவ்வொரு காய் விழும்போதும் அங்கே கூச்சல் கிளம்பும், இங்கே ரஹீமின் ஸ்ட்ரைக்கர் தவறும்.

"அங்க போய்ப் பார்க்கணும்போல இருக்கு பாய்" என்றான் ரஹீம். "இந்த ஆட்டத்தைச் சட்னு முடி."

அவன் மனம் அங்கே இருந்தது. நான் ஜெயித்தேன். ஜெயித்ததை ஒருவரும் பார்க்கவில்லை. நானும் எழுந்து போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். மூன்றாவது ஆட்டம். சிவப்புக் காய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சாரங்கபாணி குனிந்து அடித்தான். காய் குழியின் உதட்டில் போய் நின்றுவிட்டது. தியோடர் அதைத் தள்ளினான், ஜெயித்தான். கூட்டம் இருவரையும் தூக்கிற்று.

"இதான்டா பைனல்!" என்று எவனோ கத்தினான். "அடுத்த வாரம் எவன் வருவான்?"

அவன் சொன்னது சரி. அடுத்த வாரம் தியோடர் என்னை அரை மணியில் முடித்துவிட்டான். பார்க்க வந்தவர்கள் பதினோரு பேர், அன்னக்கிளியையும் சேர்த்து. பன்னிரண்டு ரூபாயை உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

அன்றே சாரங்கபாணி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி தங்கம் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணா, பிரைஸ் வாங்கினீங்களாமே" என்றாள். நான் உள்ளே போய் உறையைச் சுவர்ப் பலகைமேல் வைத்தேன். மேலே அந்தக் கடியாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பதினொண்ணு ஆறணா எடுத்துக்க. மீதியைக் குடு."

சாரங்கபாணி உறையைப் பிரித்து எண்ணினான். "இது என் பணம்டா."

"அதான் குடுக்கறேன்."

"கடன் இல்ல. இந்தப் பன்னெண்டே என்னுது. பதினாறாம் கோட்டுல இருந்திருந்தா நான் கடைசி வரைக்கும் போயிருப்பேன். தியோடர்கிட்டதான் தோத்திருப்பேன். தோத்தாலும் பன்னெண்டு எனக்கு. என் பணத்தை எனக்கே குடுத்துக் கடன் அடைக்கறியா?"

"உனக்குத் தெரியுமா?"

"கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா கொல்லுப்பட்டறையில ஒரு வருஷம் சொல்லிச் சிரிப்பானுங்க. எழுத்து இதுக்கா கத்துக்கிட்டான்னு." உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். "கடன் அப்படியே நிக்குது."

வெளியே வந்தபோது தங்கம் காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். குடிக்கவில்லை.

அதன்பிறகு சம்பளத்துக்குச் சம்பளம் ஒரு ரூபாய் கொடுத்தேன். பதினோரு மாதம். வாங்கிக்கொண்டு தலையாட்டுவான். நாங்கள் ஒரே கேரம் பலகையில் உட்காரவில்லை. ஆறணா மிச்சம் இருந்தபோது அடுத்த போட்டி வந்தது.

கமிட்டி மேஜையில் சீதாராமன் பாபு பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். போன வருஷம் அவர் ஊர் திரும்புமுன் சுவர்க் காகிதத்தைக் கிழித்துவிட்டார்கள், அவர் பார்த்தது முடிவை மட்டும்தான். "இனிமே வரிசைக்குத் தகராறே வேணாம். போன போட்டி முடிவு எப்படியோ அப்படி. ஒண்ணு தியோடர். ரெண்டு புருஷோத்தமன். சாரங்கபாணி மூணு, ரஹீம் நாலு. இந்த வருஷம் பதினாலு பேர், ரெண்டு பை. ஒண்ணு தியோடருக்கு, இன்னொண்ணு புருஷோத்தமனுக்கு."

நான் இதை நினைக்கவே இல்லை. அந்த ஒரு கோடு இந்த வருஷத்துக்கும் பை வாங்கித் தருகிறது. அடுத்த வருஷமும் வாங்கித் தரும். சாரங்கபாணி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். அவன் இப்போதும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது. சொல்லாமலே என்னைவிடப் பெரியவனாக நிற்பான், சாகும் வரைக்கும். எனக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. நல்ல புத்தியால் சொன்னேன் என்று எழுதினால் பொய்.

"ரெண்டு சாரங்கபாணி" என்றேன். "போன வருஷம் நீங்க பதினாறுல அவனைத்தான் போட்டீங்க. நான் மாத்தி எழுதினேன்."

பாபு பென்சிலை வைத்தார். தியோடர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "யூ ராஸ்கல்! நீயா? ஒரு வருஷமா பாபுவைத் திட்டினேன்டா நான்!"

"என்னைத் திட்டினியா?" என்றார் பாபு.

அப்புறம் தீர்மானமாயிற்று. இந்த வருஷம் புருஷோத்தமன் ஆடக் கூடாது. பதிமூன்று பேர், மூன்று பை. தியோடர், சாரங்கபாணி, ரஹீம்.

"காகிதம் யார் எழுதறது?" என்றார் பாபு.

"அவனே எழுதட்டும்" என்றான் சாரங்கபாணி. "தூரத்துலேர்ந்து தெரியற எழுத்து அவன்கிட்டதான் இருக்கு."

பதினாறு கோடு போட்டேன். பதினாறாம் கோட்டில் அவன் பெயரை வளைத்து வளைத்து எழுதி முடிக்கும்வரை அவன் பக்கத்தில் நின்றான். மை காய்ந்ததும் மடியிலிருந்து ஆறணாவை எடுத்துக் காகிதத்தின் ஓரத்தில் வைத்தேன்.

எண்ணிப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டான். "தீந்திச்சு" என்றான். அவன் போகும்போது அவன் செருப்பு புதிது என்று கவனித்தேன்.