பழசுக்கு மூவாயிரம்

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அந்தப் போன் மீது தையல்காரிக்கு மூன்று மாதமாகக் கண். தைத்த துணியைப் படமெடுத்தால் ஒவ்வொரு தையலும் தெரியுமாம். விலை முப்பதாயிரம். கையிலிருந்ததோ இருபதாயிரம், கூடவே கடன் வாங்கமாட்டேன் என்ற வீம்பு. சலுகைக்கு இன்றே கடைசி நாள்.

கடைப்பெண் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "மொத்தமா கட்டினா ரெண்டாயிரம் தள்ளுபடி. உங்க பழைய போனுக்கு நாலாயிரம். அதுபோக எக்ஸ்சேஞ்ச் போனஸ் மூவாயிரம். ஆக, இருபத்தோராயிரம்தான்க்கா."

ஆயிரம் ரூபாய் இடித்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று தையல்காரிக்கு அழுகையே வந்துவிட்டது.

கூட வந்திருந்த, லாரி ஓட்டும் கணவன் குஷியாகிவிட்டான். "இதுக்கா மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கிற? இஎம்ஐ போடு! மாசம் ரெண்டாயிரத்து நூத்தம்பதுன்னு போர்டுலயே போட்டிருக்கு. ஜுஜுபி!"

"எத்தனை மாசம்மா?" என்று தையல்காரி கடைப்பெண்ணைக் கேட்டாள்.

"பன்னெண்டுக்கா. தவணைன்னா அந்தத் தள்ளுபடி கிடையாது. கட்டணம் ஒரு முந்நூறு."

ஆளைப் பார்த்ததுமே எத்தனை மீட்டர் துணி என்று சொல்கிற மூளை அவளுடையது. "இருபத்தாறாயிரத்து நூறு! ஏங்க, ஆயிரம் குறையுதுன்னு ஐயாயிரத்து நூறு கூடக் கட்டவா? உங்களுக்கு லாரிதான் ஓடும், கணக்கு ஓடாது."

அவன் தலையைச் சொறிந்தான். அவளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"அந்த மூவாயிரம் போனஸ் எந்தப் போனுக்கும்மா?"

"எந்த ஸ்மார்ட்போனா இருந்தாலும்க்கா. ஆன் ஆகணும், ஸ்கிரீன் உடைஞ்சிருக்கக் கூடாது."

தையல்காரியின் பார்வை மெல்லக் கணவனின் சட்டைப் பையில் போய் நின்றது. அவன் பையைப் பொத்திக்கொண்டான்.

"அடியே, அது என் ராசியான போன்!"

"ராசிக்கு என்ன விலைன்னு பாப்போம், குடுங்க."

கடைப்பெண் அந்தக் கிழட்டுப் போனைத் தட்டிப் பார்த்து, முந்நூறு என்றாள். போனஸோடு மூவாயிரத்து முந்நூறு. ரெண்டாயிரம் தள்ளுபடியையும் கழித்தால் கட்டவேண்டியது இருபத்து நாலாயிரத்து எழுநூறு.

"கூடிருச்சே!" என்று கணவன் துள்ளினான்.

அவள் அதற்குள் தன் போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பழைய போன் கடைக்கு ஓடியிருந்தாள். திரும்பியபோது, இங்கே நாலாயிரம் என்ற அந்தப் போனை விற்று அவள் கையில் ஆறாயிரத்து ஐந்நூறு. சிரிப்பை அடக்க முடியாமல் பணத்தை மேசையில் விசிறினாள். இருபதாயிரத்தோடு சேர்த்துக் கட்டியது போக ஆயிரத்து எண்ணூறு மிச்சம்.

கடைப்பெண் வாயைப் பிளந்தாள். "ஐயோ அக்கா! போன மாசம் என் நல்ல போனை நானே இங்க எக்ஸ்சேஞ்சுல குடுத்துத் தொலைச்சேனே!"

மிச்சப் பணத்தில் கணவனுக்கு ஒரு பட்டன் போன் வாங்கினாள். அவன் அதை உள்ளங்கையில் வைத்துப் பரிதாபமாகப் பார்த்தான். அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

தெருவில் இறங்கியதும் பழக்கதோஷத்தில் கேட்டான்: "சரி, எந்தத் தேதியில கட்டணும்?"

கட்டில், பீரோ, தையல் மெஷின், எது வீட்டுக்கு வந்தாலும் இந்தக் கேள்வியும் கூடவே வந்திருக்கிறது.

"ஒரு தேதியிலயும் இல்லைங்க," என்றாள் தையல்காரி. "இது நம்மளோடது."