மீதி ஐந்து கிலோ

எடை எந்திரம் எழுபத்தொன்பது காட்டியது. அஜீசுன்னிசா இறங்கி, மூச்சை வெளியே விட்டுவிட்டு மறுபடி ஏறினாள். அதே எழுபத்தொன்பது.

"இன்னும் பத்து தபா ஏறு, அப்பவாவது குறையுதான்னு பாப்போம்" என்றாள் ஹஃப்சா.

ஹஃப்சா அவள் தம்பி முபாஷிரின் மனைவி. முபாஷிருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒன்றை அக்கா அஜீசுன்னிசா தருவதாக முடிவாகியிருந்தது. எண்பத்தொன்பது கிலோ உடம்பைக் கத்தியால் தொடமாட்டோம், எழுபத்து நான்குக்கு வாருங்கள் என்று மருத்துவர்கள் சொல்லி ஏழு மாதம் ஆகிறது. ஆபரேஷன் வரும் வெள்ளிக்கிழமை.

ராயபுரத்து ஆஸ்பத்திரியின் அந்தச் சின்ன அறையில் மின்விசிறி சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. உணவு ஆலோசகர் டோரதி எடையைக் குறித்துக்கொண்டு பேனாவை மூடவில்லை.

"மேடம், நீங்கதான சொன்னீங்க" என்று ஹஃப்சா ஆரம்பித்தாள். "ஒரு கிலோ கொழுப்புன்னா ஏழாயிரத்து எழுநூறு கலோரி. தினம் ஐந்நூத்தம்பது குறைச்சா ரெண்டு வாரத்துக்கு ஒரு கிலோ. ஏழு மாசத்துல பதினஞ்சு. நானும் போன்ல போட்டுப் பாத்தேன், கரீட்டா வருது. அப்போ அஞ்சு கிலோ எங்க போச்சு? கணக்கு பொய் சொல்லாது. இவங்க வாய்தான் சொல்லும்."

மூன்று மாதமாக ஹஃப்சா இதையேதான் கேட்கிறாள். சாதத்தை ஹஃப்சாதான் தராசில் நிறுத்துப் போடுவாள். வீட்டில் பிரியாணி வாங்கினால் மற்றவர்கள் அடுத்த அறையில் வைத்துத் தின்பார்கள். எடை இறங்காத மாதம் ஹஃப்சா அஜீசுன்னிசாவின் தலையணையைத் தூக்கிப் பார்த்தாள், பிஸ்கட் துணுக்கு இருக்கிறதா என்று. அஜீசுன்னிசா அதை வாங்கி மறுபடி கட்டிலில் போட்டாள். தூக்கத்தில் எழுந்து எதையாவது தின்கிறேனோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம் வந்து, பிறகு அந்தச் சந்தேகமும் மரத்துப் போயிருந்தது.

"மொத மாசம் நாலு கிலோ குறைஞ்சாங்களே" என்றாள் ஹஃப்சா. "கணக்குக்கு ரெட்டிப்பு. அத பாத்துதான டாக்டரு தேதியே குடுத்தாரு? அப்புறம் நாக்கு ஊறிடுச்சு, அவ்ளோதான்."

"அந்த நாலுல பாதி தண்ணி" என்றார் டோரதி. "சாப்பாடு குறைஞ்சா உடம்புல சேத்து வெச்ச மாவுச்சத்து போவும், அதோட தண்ணியும் போவும். ஒரு தபாதான் அப்படிப் போவும்." பேனாவை மூடினார். "ஹஃப்சா, அவங்க திங்கல. தப்பு நான் போட்ட கணக்குல கீது."

"ஏழாயிரத்து எழுநூறு தப்பா?"

"அந்த நம்பர் கிட்டத்தட்ட சரிதான். அதை வெச்சு நாள் குறிச்சதுதான் தப்பு. எண்பத்தொன்பது கிலோ இருக்கும்போது அவங்க உடம்பு ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து அம்பது செலவு பண்ணிச்சு. சாப்பிட்டது ஆயிரத்து ஐந்நூறு. மீதி ஐந்நூத்தம்பதும் கொழுப்புலேர்ந்து போச்சு. இப்போ பத்து கிலோ இல்ல. சின்ன உடம்புக்கு செலவும் சின்னது. மாடி ஏற, நிக்க, சும்மா படுக்க, எல்லாத்துக்கும் கம்மியாத்தான் ஆவும். பசியில இருக்கிற உடம்பு இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். இப்போ செலவே ஆயிரத்து எழுநூறுதான் இருக்கும். அதே சாப்பாடுதான், இடைவெளி எரநூறுதான் வருது. நான் மொத நாள் இடைவெளியையே ஏழு மாசத்துக்கும் பெருக்கிட்டேன்."

"அப்போ இன்னும் அஞ்சு கிலோவுக்கு எழுபது நாளு போதுமில்ல?"

"மறுபடியும் அதே கணக்குதான் போடுற நீ. இடைவெளி இன்னும் சுருங்கும். எட்டு மாசம் ஆவலாம், மேலயும் ஆவலாம். மாசாமாசம் எடை பாத்துத்தான் சொல்லணும். சாப்பாட்ட இதுக்கு மேல வெட்டக் கூடாது. குடுக்கப் போறவங்க ஆரோக்கியமா இருக்கணும்."

ஹஃப்சா உட்கார்ந்தாள். யாரைத் திட்டுவது என்று தெரியாதவள் போல மின்விசிறியைப் பார்த்தாள்.

டோரதி தானே மருத்துவருக்குப் போன் செய்தார். வெள்ளிக்கிழமை ரத்தானது. பிறகு மூவரும் மாடிக்குப் போனார்கள். முபாஷிர் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்திருந்தான். அவன் ரத்தம் குழாயில் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. டோரதி அவனிடமும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார், தப்பு தன்னுடையது என்பதை இரண்டு முறை சொன்னார்.

முபாஷிர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் திறந்தான்.

"அப்போ நெஜமாவே நீ ஒண்ணும் திங்கலியாக்கா?"

ஹஃப்சா கேட்டபோதெல்லாம் அவன் குறுக்கே வந்ததில்லை. அக்காவை நம்புகிறான், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று இத்தனை நாள் அஜீசுன்னிசா நினைத்திருந்தாள்.

"இல்லடா."

"நான் கேக்கவே இல்லியே உன்ன."

"கேக்கல."

கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. உள்ளே எங்கோ ஒரு கதவு சாத்தியிருப்பது மட்டும் தெரிந்தது. அவன் கால் விரல்கள் வெளியே தெரிந்தன. போர்வையை இழுத்து மூடினாள்.

"குடுப்பியாக்கா, இன்னமும்?"

அஜீசுன்னிசா டோரதியிடம் திரும்பினாள். "அடுத்த மாசம் எந்தக் கிழமை வரணும், மேடம்?"