பாந்தம்

"முதுகுல ஒரே கிழி, வேலை முடிஞ்சுது" என்று அர்த்தனாரி மாமா கத்தரியை விரித்தபோதுதான் கோகிலவாணி அவர் கையிலிருந்து அப்பாவின் சட்டையைப் பிடுங்கினாள். காலை எட்டு மணிக்கு வந்து இறங்கியதிலிருந்து அவள் செய்த முதல் காரியம் அதுதான்.

"கிழிக்க வேண்டாமுங்க மாமா."

"அப்பறம் எப்பிடிப் போடறது கண்ணு? கையி மடங்க மாட்டேங்குது. குழி வெட்டப் போனவங்க வர்றதுக்குள்ள குளிப்பாட்டி உடுத்தி வெக்கணுமில்ல?"

"பக்கத் தையலைப் பிரிச்சுத் தாரனுங்க. பாய் மாதிரி விரிஞ்சிரும். கையை மடக்கவே வேண்டாம்."

மாமா அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கத்தரியை மடக்கினார். கல்யாணமோ கருமாதியோ, ஊரில் எதற்கும் முன்னால் நிற்கிற மனுஷர். தன் யோசனைக்கு மேலே இன்னொருத்தர் யோசனை சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஆனால் துணி என்று வந்துவிட்டால் இவளிடம் பேச முடியாது என்பது குண்டூர் நாட்டு மலை ஊர்கள் முழுக்கத் தெரியும். சேலத்தில் துணிக் காலேஜில் டீச்சர். இன்றைக்குப் பதினோரு மணிக்கு அங்கே பட்டமளிப்பு விழா. அவள்தான் பேசுவதாக இருந்தது. அதற்கென்று இஸ்திரி போட்டு வைத்த பட்டுப்புடவை ஹாஸ்டல் அறைக் கதவில் தொங்கிக்கொண்டிருக்க, அவள் உடுத்தியிருந்த சேலையோடு காளப்பநாயக்கன்பட்டி வந்து, முதல் பஸ் பிடித்து மலை ஏறினாள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அழுகை வரவில்லை. வீட்டுக்குள் நுழைந்து அப்பாவைப் பார்த்தபோதும் வரவில்லை. "கல்லாட்டம் நிக்கறா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

சமையல் அறையின் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சட்டையை மடியில் விரித்தாள். அவளே தைத்த சட்டை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பாவை நிற்க வைத்து அளவெடுத்து, இளநீலப் பருத்தியில் தைத்தது. உடம்புச் சுற்று நாற்பத்திரண்டு இஞ்ச் வருகிற மாதிரி, தையலுக்குள் அரை இஞ்ச் விட்டு. அப்பா குழந்தைசாமி வாரச் சந்தைக்கு மிளகு கொண்டுபோகும்போதும், மகள் ஊருக்கு வரும்போதும் இதைத்தான் போடுவார். மற்ற நாளெல்லாம் பனியன்தான்.

கைப்பையில் தையல் பிரிக்கும் சின்ன முள் எப்போதும் கிடக்கும். ஆண்கள் சட்டையில் இடுப்புப் பக்கமும் கைக்கு அடிப்பக்கமும் ஒரே ஓட்டமாகத் தைக்கப்பட்டிருக்கும். கீழ் விளிம்பில் ஆரம்பித்தால் அக்குள் வழியாக மணிக்கட்டுவரை ஒரே கோடு. அதைப் பிரித்துவிட்டால் போதும். அவள் சட்டையை உள்பக்கம் திருப்பினாள்.

தையலுக்கு உள்ளே அரை இஞ்ச் துணி இருக்க வேண்டும். இரண்டு இஞ்ச் இருந்தது.

வேறு யாருடைய சட்டையோ என்று ஒரு கணம் தோன்றியது. காலர் பட்டையைப் பார்த்தாள். அவள் வைத்த நாடாதான், அவள் போட்ட காஜாதான். மறுபடியும் பக்கத்துக்கு வந்தாள். விரல் தானாகவே மெதுவாக நகர்ந்தது. இந்த ஒன்றைத்தான் இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்: முதல் பத்து நிமிஷம் எதையும் முடிவு பண்ணாதே, கண்ணில் படுவதை மட்டும் எழுது.

கண்ணில் பட்டது இது. விளிம்பிலிருந்து அரை இஞ்சில் அவளுடைய மெஷின் தையல், நீல நூல், இஞ்சுக்குப் பன்னிரண்டு கண்ணி. அதிலிருந்து அரை இஞ்ச் தள்ளி உள்ளே ஒரு கைத்தையல், வெள்ளை நூல். இன்னும் அரை இஞ்ச் தள்ளி இன்னொன்று, அதுவும் வெள்ளை. மூன்றாவது கறுப்பு நூல். தையல் பெரிது பெரிதாக, கோடு விட்டு விலகி ஓடியது. ஒவ்வொரு கோடாக முள்ளால் பிரித்துத் துணியை மலர்த்தினாள். விளிம்பை ஒட்டிய பட்டை தைத்த நாளில் இருந்த நீலம். அடுத்த பட்டை சற்று வெளுத்தது. அதற்கடுத்தது இன்னும். வெளியே தெரிந்த துணி வெயிலிலும் சோப்பிலும் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. முதலில் உள்ளே போனது முதலில் வெளுப்பதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

ஒரு பக்கத்தில் அரை இஞ்ச் பிடித்தால் முன்னும் பின்னும் சேர்ந்து ஒரு இஞ்ச் குறையும். இரண்டு பக்கமும் இரண்டு. மூன்று தடவை பிடித்திருக்கிறது. நாற்பத்திரண்டு முப்பத்தாறாகியிருந்தது.

"திடீர்னு" என்றுதான் அதிகாலையில் போனில் சொன்னார்கள். வழியில் காலேஜிலிருந்து கூப்பிட்டவர்களிடம் அவளும் அதையே சொன்னாள்.

ராமாயி சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். மகளின் மடியில் விரிந்து கிடந்த சட்டையைப் பார்த்ததும் நின்றாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, யாரு தெச்சது இது?"

"நாந்தான்."

"எப்போ?"

ராமாயி விரலை வைத்துக் காட்டினாள். "இது முந்தின ஆடிக்கு. இது போன பொங்கலுக்கு. இந்தக் கறுப்பு, சித்திரைக்கு. வெள்ள நூலு தீந்துபோச்சு. கண்ணும் தெரியல."

மூன்றும் அவள் ஊருக்கு வந்த சமயங்கள்.

"வயித்துல கட்டின்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருசமாச்சு சாமி. ஆபரேசன் பண்ணியும் பிரயோசனமில்லேன்னுட்டாரு. உங்கப்பா, உன்ட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. 'அவ துணியப் பாக்கறவ, சட்டை தொளதொளன்னு இருந்தா ஒடனே கண்டுபுடிச்சுருவா, புடிச்சு விடு'ன்னாரு. எங்க கண்டுபுடிச்சுருவியோன்னு அந்த மொதத் தடவ நான் அடுப்படிய உட்டு வெளியவே வரல." ராமாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நீ வந்து பாத்துட்டு, 'இப்பத்தான் சட்டை பாந்தமா இருக்குது, ஒடம்பு நல்லாத் தேறியிருக்குதுப்பா'ன்ன."

சொல்லியிருந்தாள். நன்றாக ஞாபகம் இருந்தது. அப்பாவின் தோளைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கூடப் பார்த்தாள். தன் தையலைத்தான் பார்த்தாள். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பும் ஞாபகம் வந்தது. மகளை ஜெயித்த சிரிப்பு அது என்று இப்போது தெரிந்தது.

சட்டையைத் திருப்பி அடுத்த பக்கத்தையும் பிரித்தாள். இடையில் ஒரு தையலைக்கூட அறுக்கவில்லை. ஒவ்வொரு கண்ணியாக எடுத்தாள். மாமா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முடித்து அவர் கையில் கொடுத்தபோது நூல் துணுக்குகள் மடி முழுக்கக் கிடந்தன. நீலம், வெள்ளை, கறுப்பு. அவற்றை உதறவும் மனசு வரவில்லை, வைத்துக்கொள்ளவும் காரணம் தெரியவில்லை.

மணி பத்து இருபது. செல்போனுக்கு டவர் கிடைப்பது ரோட்டு வளைவில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். அங்கே போய் நின்றதும் போன் விடாமல் துடித்தது. எல்லாம் ஜான்பீட்டர். அவளுக்குப் பக்கத்து மேஜை. அவளுக்குப் பதிலாக அவர்தான் உரையைப் படிக்கப் போகிறார்.

"மேடம், இந்த நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிச்சிருங்க. நீங்க அனுப்பினதை நாலு தடவை படிச்சுப் பாத்துட்டேன். எதாச்சும் மாத்தணுமா?"

"நடுப்பகுதியைப் படிங்க சார்."

அவர் மேடைக் குரலில் படித்தார். "ஒரு சட்டையை உங்கள் முன் வைத்தால், 'ஏழையின் சட்டை' என்று எழுதிவிடாதீர்கள். 'காலர் மடிப்பில் இழை தேய்ந்திருக்கிறது' என்று எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். பொறுமை என்பது அதுதான், நேர்மை என்பதும் அதுதான். பிறகு சட்டையை உள்பக்கம் திருப்புங்கள். வெளிப்பக்கம் மற்றவர்கள் பார்க்கத் தைத்தது. தைத்தவர் செய்த தவறும், உடுத்தியவர் பட்ட பாடும் உள்பக்கத்தில்தான் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக நான் செய்வது இதைத்தான். உற்றுப் பார்க்கப் பழகிய கண்ணை எந்தத் துணியும் ஏமாற்ற முடியாது."

"அங்க நிறுத்துங்க. அந்தக் கடைசி வரி பொய் சார்."

"மேடம், அழைப்பிதழ்லயே அந்த வரியத்தான் போட்டிருக்காங்க. மேடைக்குப் பின்னாடி பேனர்லயும் இருக்கு" என்றார் ஜான்பீட்டர்.

"சரி, அதை எடுக்க வேண்டாம். படிங்க. படிச்சுட்டு நான் சொல்றதையும் சேத்துப் படிங்க. எழுதிக்குங்க."

தொட்டியின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் வகுப்பில் சொல்லி எழுத வைக்கிற வேகத்திலேயே சொன்னாள்.

"இந்த வரி உண்மை இல்லை. என் அப்பாவுக்கு நானே ஒரு சட்டை தைத்தேன். அவர் இளைத்துக்கொண்டே வந்தார். எனக்குத் தெரியக்கூடாதென்று என் அம்மா அதை மூன்று முறை உள்ளே பிடித்துத் தைத்தார். மூன்று முறையும் நான் பார்த்தேன். பாந்தமாக இருக்கிறது என்று சொன்னேன். உள்பக்கம் திருப்பவில்லை. இன்று காலையில்தான் திருப்பினேன்."

எழுதுகிற சத்தம் நின்றது. "பிள்ளைங்க முன்னாடி இது வேணுமா மேடம்? உங்களைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"பாத்ததை எழுதச் சொல்லிக் குடுத்திருக்கேன் சார். நெனைக்கிறதை அப்பறமா நெனைக்கட்டும்."

"முடிவா ஏதாவது ஒரு வரி?"

"அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது குளிப்பாட்டி முடித்து, வெள்ளை வேட்டி கட்டி, அப்பாவைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். அவள் சொன்ன மாதிரியே சட்டையை விரித்து, அதன் மேல் படுக்க வைத்து, கைகளை அதன் கைகளுக்குள் பொதிந்து, முன்பக்கம் பட்டன் போட்டிருந்தார் மாமா. பக்கங்கள் இரண்டும் திறந்து கிடந்தன. உள்ளே மறைந்திருந்த நீலம் இரண்டு புறமும் பட்டை பட்டையாக வெளியே தெரிந்தது.

"இப்பிடியே உட்டா பாக்க நல்லாருக்காது" என்றார் மாமா. ராமாயி ஊசி டப்பாவை எடுத்து வந்து மகளிடம் நீட்டினாள். உள்ளே கறுப்பு நூல்தான் இருந்தது.

உடம்பில் கிடக்கும்போது துணியைத் தைக்கக்கூடாது என்பார்கள். மாமா அதைச் சொல்ல வாயெடுத்தார், பிறகு நகர்ந்து இடம் விட்டார். கோகிலவாணி கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, கறுப்பு நூல் போன தடத்தின் மேலேயே ஊசியை விட்டாள். அம்மாவின் பழைய ஓட்டைகள் ஒவ்வொன்றும் அப்படியே இருந்தன. அவற்றிலேயே எடுத்து எடுத்து, இந்தப் பக்கம் முடித்து, அந்தப் பக்கமும் முடித்து முடிச்சுப் போட்டாள். சேலத்தில் இப்போது பதினொன்று ஆகியிருக்கும். கூட்டம் உட்கார்ந்திருக்கும்.

ராமாயி கால்மாட்டில் நின்று பார்த்தாள். "இப்பப் பாந்தமா இருக்குதா கண்ணு?"

கோகிலவாணி பதில் சொல்ல அவசரப்படவில்லை. தோளிலிருந்து தொடங்கி, மார்பு, விலா, இடுப்பு என்று பார்த்துக்கொண்டே வந்தாள். அக்குளுக்குக் கீழே இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். விரல் தாராளமாகப் போனது.

"இல்லீங்கம்மா," என்றாள். "தொளதொளன்னுதான் இருக்குது."

போட்ட முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டு, கறுப்புக் கோட்டுக்குக் கால் இஞ்ச் உள்ளே தள்ளி ஊசியை வைத்தாள்.