எஸ் நாற்பது ஏ

தி.நகரில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் அந்தச் சின்ன கம்பெனியில் வண்டிகளுக்குப் பெயர் வைப்பது வசந்தியின் வேலை. 1998 ஜூலையில் அவள் ஒரு முறை வகுத்தாள். முதல் எழுத்து உபயோகம்: வீட்டு வண்டி V, சுமை வண்டி S. அடுத்து, ஒரு சார்ஜில் ஓடும் கிலோமீட்டர். கடைசி எழுத்து தலைமுறை: இப்போதைக்கு A, மோட்டாரோ பேட்டரியோ மாறினால்தான் B.

V60A என்பதை முதலாளி கங்காதரன் ஒப்புக்கொண்டார். S40A என்று பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"ரெண்டுக்கும் ஒரே பேட்டரி, ஒரே மோட்டார். இதுக்கு மட்டும் ஏம்மா நாப்பது?"

"அறுபது ஓடினது ஒத்த ஆளோட சார். பெட்டி காலி. சுமையோட நாப்பதுதான் வரும்னு கணக்கு போட்டேன்."

"ஓட்டிப் பார்த்தியா?"

"இல்ல."

"விலை ஜாஸ்தி வண்டிக்குச் சின்ன நம்பர் போட்டா எவன் வாங்குவான்? S60Aன்னு தகடு அடி."

"நான் கையெழுத்து போட மாட்டேன்."

"அப்ப நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

"இன்னிக்கு ஓட்டிப் பார்த்துட்டு அதைச் சொல்லுங்க சார்."

சோதனை ஓட்டுநர் ராபர்ட் பட்டினப்பாக்கத்துக்காரன். அங்கேயே சுமை வண்டி வாங்க நினைத்திருந்த மீன்காரி சுப்பம்மாவிடம் கேட்டு எண்பது கிலோ மீனும் ஐஸும் ஏற்றினான். பட்டினப்பாக்கத்திலிருந்து பெசன்ட் நகர், தரமணி, வந்த வழியே திரும்பி மறுபடியும் அதே சுற்று. கங்காதரன் காரில் பின்னால் போனார். சுப்பம்மா கேட்காமலே முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். வசந்தி பின்சீட்டில்.

"ரெண்டு மணி நேரமா என் மீனு ஊர் சுத்திக்கினு கீது," என்றாள் சுப்பம்மா.

மூன்றாவது சுற்றில், பெசன்ட் நகர் தாண்டி வண்டி நடைவேகத்துக்கு வந்தது. பேட்டரி தீர்ந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ராபர்ட் இறங்கி மீட்டரைப் பார்த்தான்.

"நாப்பத்தி நாலு சார்."

கங்காதரன் இறங்கி வந்து தானும் மீட்டரைப் பார்த்தார். "அப்ப நாப்பத்தி நாலுன்னே போடலாமே."

"பேட்டரி புதுசு சார். வருஷம் போனா குறையும்," என்றாள் வசந்தி.

"இன்னா நம்பருக்குச் சண்ட?" என்றாள் சுப்பம்மா. "மீனு எடுக்கக் காசிமேடு போய் வர இருபத்தாறு. தெரு சுத்த ஒரு பத்து. நாப்பது போவும்னு வண்டி மேலயே எழுதிக் குடு நைனா, நாளைக்கே வாங்கிக்கிறேன்."

"அறுபதுன்னு எழுதினா?" என்றார் கங்காதரன்.

"விக்கறதுக்கு மந்தைவெளியையும் சேத்துக்குவேன். நடுரோட்ல நின்னா உன் வூட்டு வாசல்ல வந்து குந்திக்குவேன், கூடையோட."

ராபர்ட் சிரித்தான். கங்காதரனுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"S40A அடிச்சிடும்மா," என்றார் வசந்தியிடம்.

"நாளைக்கு வரலாமா சார்?"

"சீக்கிரம் வா. தகடு அடிக்கிறவன் பத்து மணிக்கெல்லாம் கிளம்பிடுவான்."

"அதெல்லாம் அப்புறம்," என்றாள் சுப்பம்மா. "கார் டிக்கியைத் தொற, கூடையை மாத்தணும். மீனு வெயில்ல கீது."